மத்தி, நெத்திலி, வஞ்சிரம்: மசாலா ஒன்றாக இருக்கலாம், அடுப்பு ஒன்றாக இருக்கக் கூடாது

கேள்வி: மத்தி, நெத்திலி, வஞ்சிரம் மூன்றையும் ஒரே மசாலா தடவி ஒரே மாதிரிதான் வறுக்கிறேன். நெத்திலி நன்றாக வருகிறது. மத்தி வறுத்தால் வீடே நாறுகிறது, வஞ்சிரம் சக்கையாகிவிடுகிறது. எண்ணெய், முள், ருசி இவற்றில் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? எதை எப்படிச் சமைத்தால் நல்லது?

பதில்:

மசாலாவில் கோளாறு இல்லை. மூன்று மீனிலும் கொழுப்பின் அளவு வேறு, அது இருக்கும் இடமும் வேறு. நிறைய எண்ணெயில் போட்டு வறுக்கும் முறை நெத்திலிக்குத்தான் பொருந்தும். அதனால்தான் அது மட்டும் உங்களுக்கு நன்றாக வருகிறது.

மூன்றில் அதிகம் பேச வேண்டியது மத்தியைப் பற்றித்தான். ஒரே மத்தி காலத்துக்குக் காலம் வேறு மீனாக மாறிவிடும். அரபிக்கடல் பக்கம் கிடைக்கும் எண்ணெய் மத்தி, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் முட்டையிடும். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் சினைக்குப் போய்விடுவதால் அப்போது சதை மெலிந்திருக்கும். மழை ஓய்ந்த பிறகு கடலில் பெருகிக் கிடக்கும் நுண்ணுயிர்களைத் தின்று மறுபடி கொழுக்கும். மெலிந்த காலத்தில் 100 கிராம் சதையில் கொழுப்பு 3, 4 கிராம்தான் இருக்கும். கொழுத்த காலத்தில் அது 15 கிராமையும் தொடும். ஒரு மாதம் நெய்யாக உருகிய மீன் இன்னொரு மாதம் வறட்டு மீனாக இருப்பது இதனால்தான். கடைக்காரர் ஏமாற்றினார் என்று நினைக்க வேண்டியதில்லை.

வாங்கும்போதே இதைக் கண்டுபிடிக்கலாம். தலைக்குப் பின்னால் முதுகு தடித்து, உருண்டு, கையில் கனமாக இருந்தால் கொழுத்த மீன். வயிற்றைக் கீறினால் குடலைச் சுற்றி வெள்ளையாகக் கொழுப்பு ஒட்டியிருக்கும். தலை பெரிதாகவும் உடம்பு தட்டையாகவும் தெரிந்து, வயிறு மட்டும் சினையால் புடைத்திருந்தால் சதையில் எண்ணெய் குறைவு. சினை ருசியாக இருக்கும், அது வேறு கணக்கு.

மத்தியின் கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கு அடியிலும் வயிற்றுப் பக்கத்திலும் இருக்கிறது. சட்டி நிறைய எண்ணெய் காயவைத்து அதில் போட்டால் மீனின் எண்ணெய் வெளியே வந்து சமையல் எண்ணெயோடு கலந்துவிடும். மீன் எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் சீக்கிரம் கெடும் வகை. வீடு முழுக்கப் பரவும் நாற்றத்தில் பெரும்பங்கு அதுதான். அந்த எண்ணெயை எடுத்து வைத்து மறுநாள் வேறெதற்கும் பயன்படுத்தவும் முடியாது.

கொழுத்த மத்திக்கு அதன் எண்ணெயே போதும். கழுவியதும் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். இரு பக்கமும் எலும்பு தொடும் அளவுக்கு மூன்று கீறல் போட்டு, மிளகு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் புளிக்கரைசல் சேர்த்து மெல்லியதாகத் தடவுங்கள். கனமான தோசைக்கல் நன்றாகச் சூடானதும் ஆறு மீனுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, மீனை அடுக்கி, தீயை நடுத்தரமாக்கிவிட்டு நாலு நிமிடம் தொடாமல் இருங்கள். தோல் மொறுமொறுப்பானதும் கல்லைத் தானே விட்டுவிடும். அதற்கு முன் புரட்டினால் தோல் கல்லோடும் சதை கரண்டியோடும் வரும். மறுபக்கம் மூன்று நிமிடம். கல்லில் இப்போது நீங்கள் ஊற்றியதைவிட அதிக எண்ணெய் நிற்கும். நேரடித் தணலில் சுட்டால் இன்னும் நல்லது, வழியும் எண்ணெய் கீழே சொட்டிவிடும்.

புளி ருசிக்காக மட்டும் இல்லை. மீன் கவுச்சிக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உள்ளவை. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் அவற்றோடு சேர்ந்து, காற்றில் ஏறாதபடி பிடித்து வைத்துவிடும். மெலிந்த மத்தியைக் கல்லில் போட்டு வறட்டாமல் புளிக்குழம்பில் போடுங்கள். குழம்பின் எண்ணெய் அதன் குறையை ஈடுகட்டும்.

இனி முள். மத்தியில் நடுமுள் பிரச்சினையே இல்லை. முதுகுச் சதைக்குள் மயிரிழை போல ஓடும் பொடி முட்கள்தான் ஆட்களைப் பயமுறுத்துகின்றன. பச்சை மீனை வயிற்றுப் பக்கம் திறந்து, கட்டைவிரலால் நடுமுள்ளோடு நகர்த்தி, தலைப்பக்கமிருந்து வாலுக்கு இழுத்தால் நடுமுள்ளும் விலா முட்களும் சேர்ந்து வரும். பொடி முட்கள் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். முள் அறவே கூடாது என்றால் குக்கர்தான் வழி. அரை கிலோ மத்தியைத் தலை நீக்கி, உப்பு, மசாலா, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் அல்லது கெட்டிப் புளிக்கரைசல், அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து மூடுங்கள். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 25 முதல் 30 நிமிடம் வையுங்கள். நடுமுள்ளை இரண்டு விரலால் நசுக்கினால் சுண்ணாம்பு மாதிரிப் பொடிய வேண்டும். பொடியவில்லை என்றால் இன்னும் பத்து நிமிடம். டப்பாவில் அடைத்த மத்தியின் முள் வாயில் கரைவதும் இதே அழுத்தச் சூட்டால்தான். சதை கொழுப்பானது என்பதால் இவ்வளவு நேரம் வெந்தும் வறண்டு போகாது. வஞ்சிரத்தை இப்படி வைத்தால் பஞ்சுதான் மிஞ்சும்.

நெத்திலியில் கொழுப்பு மிகக் குறைவு, 100 கிராமுக்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று கிராம்தான். சொந்த எண்ணெய் இல்லாததால் வெளி எண்ணெய் வேண்டும், சதை மெல்லியது என்பதால் சூடு உள்ளே போக நேரமே ஆகாது. நீர் சட்டென்று வெளியேறி, முள்ளும் சதையும் சேர்ந்தே மொறுமொறுப்பாகும். நடுமுள்ளைத் தனியாக எடுக்க வேண்டியதே இல்லை. தலையைக் கிள்ளி மெதுவாக இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். வறுக்கும்போது ஒரு தவறு மட்டும் நேரும்: ஒரே தடவையில் சட்டி நிறையப் போட்டால் எண்ணெய் சூடு இறங்கி மீன் வேகும், மொறுக்காது. கொஞ்சம் அரிசி மாவு தூவி, கைப்பிடி கைப்பிடியாக, இரண்டு மூன்று நிமிடம் போதும். குழம்பென்றால் குழம்பு முழுதாகக் கொதித்து முடிந்தபின் போட்டு, மூன்று நிமிடத்தில் அடுப்பை அணையுங்கள். கரண்டி விட வேண்டாம், சட்டியைப் பிடித்துச் சுழற்றினாலே போதும். ருசி லேசான இனிப்போடு இருக்கும், மத்தியின் அழுத்தம் இதில் கிடையாது. ஆகவே காரமும் புளியும் மத்திக்குப் போடுவதில் பாதி போடுங்கள்.

கொழுப்பு இல்லாததால்தான் நெத்திலி கருவாட்டுக்கு இவ்வளவு தோதான மீன். கொழுத்த மத்தியை வெயிலில் காயவைத்தால் எண்ணெய் காற்றுப் பட்டு மஞ்சளாகிக் கசக்கும். உப்பு எவ்வளவு போட்டாலும் அதைத் தடுக்க முடியாது.

வஞ்சிரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். நெய்மீன், அறுக்குளா என்று சொல்வதும் இதையே. மீனின் அளவையும் பகுதியையும் பொறுத்துக் கொழுப்பு கூடும், குறையும். கொழுத்த மத்திக்குப் பக்கத்தில் அது வராது. வயிற்றுப் பக்கத் துண்டில் எண்ணெயும் விலா முட்களும் அதிகம். வால் பக்கத் துண்டில் நடுமுள் மட்டும்தான் இருக்கும், ஆனால் சதை வறட்சி. குழந்தைக்கு வால் பக்கம், ருசிக்கு வயிற்றுப் பக்கம் என்று நான் பிரித்துக்கொள்வேன். சதை பெரிய பெரிய மடலாகப் பிரியும், வாசனை மென்மையானது. மீன் பிடிக்காதவர்களும் சாப்பிடுவதற்கு அதுவே காரணம். எனக்கென்னவோ, மத்திக்கு முன்னால் இது கொஞ்சம் மௌனமான மீன்தான்.

இது சக்கையாவதற்குக் காரணம் மெல்லிய துண்டும் அதிக நேரமும். ஒரு சென்டிமீட்டர் துண்டு, மேலே சிவப்பதற்குள் உள்ளே வறண்டுவிடும். இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டச் சொல்லுங்கள். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி அரை மணி நேரம் ஊறட்டும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதென்றால் கடைசிப் பத்து நிமிடத்தில் சேருங்கள். நெடுநேரம் புளிப்பில் கிடந்தால் மேல்சதை வெளுத்துக் கல்லில் உதிரும். தோசைக்கல்லில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, முதல் பக்கம் மூன்று நிமிடம், மறுபக்கம் இரண்டு நிமிடம். நடுமுள்ளின் ஓரத்தைக் கரண்டி நுனியால் தள்ளிப் பாருங்கள். சதை கண்ணாடித்தன்மை போய் வெளுத்து, முள்ளைவிட்டு விலகினால் உடனே இறக்குங்கள், மீதியை உள்சூடு பார்த்துக்கொள்ளும். துண்டின் பக்கவாட்டில் தயிர்த்திட்டு மாதிரி வெள்ளையாகக் கசிந்தால் நேரம் தாண்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குழம்பில் போட்டால் ஏழெட்டு நிமிடம் போதும்.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு எச்சரிக்கை. இந்த மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். வெயிலிலோ வெளியிலோ கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது, மூக்குக்கும் எப்போதும் தெரியாது. வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோலச் சுரீரென்றால் துப்பிவிடுங்கள், அது மசாலா காரம் இல்லை. வாங்கும்போது ஐஸில் இருந்ததா என்று பார்ப்பதுதான் முதல் காப்பு.

மூன்றையும் ஒரே நாளில் வாங்கினால் மத்தியையும் நெத்திலியையும் அன்றே சமைத்துவிடுங்கள். நெத்திலியின் குடல் நொதிகள் சீக்கிரமே அதன் வயிற்றைக் கரைத்துப் பிளந்துவிடும். மத்தி உறைபெட்டியிலும் எண்ணெய் கசக்கத் தொடங்குவதால் ஒரு மாதத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. வஞ்சிரத் துண்டுகளைக் காற்றுப் புகாமல் சுற்றி உறையவைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். வெளியே எடுக்கும்போது நடுவில் தோலை ஒட்டி ஓடும் கருஞ்சதைப் பட்டை சிவப்பாகவே இருந்தால் தைரியமாகக் கல்லில் போடலாம். பழுப்பாகிவிட்டால் புளிக்குழம்புக்கு ஒதுக்குங்கள்.