துணியில் தங்கும் எண்ணெய்

அன்புள்ள ஐயா,

பசாரில் வாங்கிய கறுப்புக் கோப்பித்தூளை மூன்று விதமாக வடித்துப் பார்த்துவிட்டேன். காகித வடிகட்டியில் எட்டு நிமிடம் சொட்டி, தண்ணியாகவும் கசப்பாகவும் வருகிறது. அம்மாவின் எவர்சில்வர் டிகாஷன் பில்டரில் அடியில் சேறு படிகிறது. துணிப்பையில் முதல் வாரம் கடைக் கோப்பி போலவே இருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு வாடை வந்துவிட்டது. தினமும் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத்தான் துவைத்து, ஜன்னலோரம் காயப்போடுகிறேன். எதை வைத்துக்கொள்வது?

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரி,

துணிப்பையையே வைத்துக்கொள்ளுங்கள். வாடை பையின் குற்றமல்ல. சோப்பும் ஜன்னலோரமும்தான் காரணம். அதற்கு முன் தூளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் ஊர்க் கறுப்புக் கோப்பித்தூள் வெறும் கொட்டை இல்லை. வறுபடும்போதே சீனியும் பெரும்பாலும் மார்ஜரினும் சேர்கின்றன. சீனி கருகிக் கொட்டையின் மேல் கண்ணாடி போல ஒட்டிக்கொள்கிறது. அரைக்கும்போது அந்தப் பூச்சு உடைந்து மாவாகிறது. வெந்நீர் பட்டதும் ஒரு பகுதி பாகாகக் கரைகிறது, மீதி நுண்தூளாக மிதக்கிறது. காகிதத்தின் துளைகளை அடைப்பது இந்தப் பாகும் தூளும்தான். நீர் இறங்காமல் தேங்கி நிற்கும் எட்டு நிமிடமும் தூள் ஊறிக் கசப்பை விட்டுக்கொண்டே இருக்கிறது. தூளின் எண்ணெயையோ காகிதம் ஏறக்குறைய முழுதுமாகப் பிடித்துக்கொள்கிறது. கசப்பும் தண்ணித்தன்மையும் ஒரே கோப்பையில் சேர்ந்து வருவது இப்படித்தான்.

நாக்கில் நாம் 'கெட்டி' என்று உணர்வது இரண்டு பொருள்களை: மிதக்கும் நுண்தூள், எண்ணெய்த் துளிகள். காகிதம் இரண்டையும் நிறுத்திவிடும். உலோகம் இரண்டையும் விட்டுவிடும். துணி, தூளில் பெரும்பகுதியை நிறுத்திவிட்டு எண்ணெயில் ஒரு பங்கை மட்டும் விடும். அதனால்தான் பையில் வடித்த கோப்பி மணல் தட்டாமல் வழுவழுப்பாக இருக்கிறது. டின் பால் ஊற்றினாலும் சுவை அமுங்குவதில்லை.

அம்மாவின் பில்டரைக் குறை சொல்ல வேண்டாம். அதன் துளைகள் தூளைவிடப் பெரியவை. அங்கே வடிகட்டுவது தகடு அல்ல, அதன் மேல் அழுத்தி வைத்த தூள் படுகைதான். சீனி சேராத தூளும் சிக்கரியும் போட்டால் படுகை கலையாமல் நிற்கும், டிகாஷன் தெளிவாக இறங்கும். சீனி வறுவல் தூளைப் போட்டால் சீனி கரைந்து படுகை குழிகிறது, அந்த வழியாக நுண்தூள் கீழே ஓடிவிடுகிறது. டிகாஷன் தூளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கழுவுவதும் சுலபம்: வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அடைபட்ட துளை தெரிந்தால் மேல் பாத்திரத்தை வெந்நீரில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

இனிப் பை. காகிதத்தில் எண்ணெய் குப்பைக்குப் போகிறது, உலோகத்தில் கோப்பைக்குப் போகிறது, துணியில் நூலுக்குள் தங்கிவிடுகிறது. நம் தூளில் மார்ஜரினும் இருப்பதால் தங்கும் கொழுப்பு இன்னும் அதிகம். அது காற்றுப் பட்டால் சிக்குப் பிடிக்கும். ஜன்னலோரம் காயப்போடுவது அந்தக் கொழுப்பைக் காற்றுக்கு விரித்து வைப்பதுதான். பினாங்குப் புழுக்கத்தில் துணி முழுதாகக் காயவும் காயாது. எனவே கிருமியும் சேர்கிறது. வாடையை வைத்தே எது என்று சொல்லலாம். பழைய கடலை எண்ணெய் போல நாறினால் கொழுப்பு சிக்காகிவிட்டது. ஈரத்துணி போலப் புளித்தால் கிருமி. உங்கள் பையில் இரண்டுமே இருக்கக்கூடும். பாத்திர சோப்பு மேலாக உள்ளதைத்தான் எடுக்கும். அதோடு அதன் வாசனையைப் பருத்தி உறிஞ்சிக்கொண்டு மறுநாள் கோப்பியில் விடும்.

இப்போதுள்ள பையை மீட்கப் பாருங்கள். அரை லிட்டர் சுடுநீரில் ஒரு தேக்கரண்டி வாசனையில்லாத சோடியம் பெர்கார்பனேட்டைக் கரையுங்கள். துணி வெளுக்கும் தூளாகக் கடைகளில் கிடைப்பதுதான். குளோரின் வேண்டாம். பையை அரைமணி நேரம் திறந்த பாத்திரத்தில் ஊறவிடுங்கள். மூடி போட்டால் வாயு சேர்ந்து மூடியைத் தள்ளும். நீர் பழுப்பாகி வருவதைப் பார்ப்பீர்கள். பிறகு நன்றாக அலசி, புது நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மறுபடி அலசுங்கள். சோதனை இதுதான்: வெறும் வெந்நீரைப் பை வழியாகக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி முகர்ந்து பாருங்கள். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மின்னினாலோ வாடை வந்தாலோ இன்னொரு முறை செய்யுங்கள். அதற்கும் போகாவிட்டால் புதுப்பைதான்.

புதுப்பையை நேராகப் பயன்படுத்த வேண்டாம். துணியில் கஞ்சி இருக்கும். முதலில் வெறும் நீரில் பத்து நிமிடம், பிறகு பயன்படுத்திய கோப்பிச் சக்கை இரண்டு கரண்டி போட்டு இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

வடிக்கும் அளவு: அரை லிட்டர் நீருக்கு 40 கிராம் தூள். பையை முதலில் வெந்நீரால் நனைத்துச் சூடாக்கி, தூளைப் போட்டு, கொதி அடங்கிய நீரை ஊற்றி, பை நீரில் முங்கியபடி மூன்று நிமிடம் விடுங்கள். பையைத் தூக்கி இரண்டாவது பாத்திரத்தில் மாட்டி, வடிந்ததை அதன் மேல் ஊற்றுங்கள். இப்படி இரண்டு முறை போதும். மாமாக் கடையில் வேகவேகமாக மாற்றி ஊற்றுவதைப் பார்த்து வீட்டில் ஐந்தாறு முறை செய்தால் சூடும் போய், கசப்பும் ஏறும். கடைசிச் சொட்டுக்காகப் பையைப் பிழியவே கூடாது. இவ்வளவு நேரம் துணி தடுத்து வைத்திருந்த தூளும் கொழுப்பும் அந்த ஒரு பிழிதலில் கோப்பைக்குள் இறங்கிவிடும்.

முடிந்த உடனே, சக்கை சூடாக இருக்கும்போதே கொட்டி, பையை உள்வெளியாகத் திருப்பி, சுடுநீரில் நீர் தெளியும் வரை அலசுங்கள். சோப்பு வேண்டாம். பிறகு மூடியுள்ள டப்பாவில் நீர் நிரப்பி, பையை முழுக வைத்து ஐஸ்பெட்டியில் வையுங்கள். நீருக்குள் காற்று குறைவு, குளிரில் சிக்குப் பிடிப்பதும் கிருமி வளர்வதும் மெதுவாகும். நீரைத் தினமும் மாற்ற வேண்டும். வாரம் ஒரு முறை கொதிக்கவிடுவதும், மாதம் ஒரு முறை மேலே சொன்ன பெர்கார்பனேட்டும் போதும். அதே தூள், அதே அளவு, ஆனால் நீர் இறங்கும் நேரம் முன்னைவிட இரட்டிப்பாகிவிட்டதென்றால் நூலிடுக்கு அடைந்துவிட்டது. அடித் தையலில் நூல் பிரிந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

வீட்டில் யாருக்காவது கொழுப்பு அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கோப்பி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் கெட்ட கொழுப்பை உயர்த்தக்கூடியது. காகிதம் அதைப் பெருமளவு தடுக்கும். அவருக்கு மட்டும் காகிதத்தில் வடிக்க ஒரு வழி: 15 கிராம் தூளை 200 மில்லி வெந்நீரில் ஜக்கில் நான்கு நிமிடம் ஊறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல் நீரை மட்டும் காகிதத்தில் ஊற்றுங்கள். அடைக்கும் தூளில் பெரும்பகுதி ஜக்கின் அடியிலேயே நின்றுவிடும், எட்டு நிமிடம் காத்திருக்க வேண்டாம்.

தைப்பூசத்துக்கு நாலைந்து நாள் வெளியூர் போவதாக இருந்தால், கொதிக்கவைத்த பையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி உறைபெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்து கொதிநீர் ஊற்றினால் அன்றைக்கே வடிக்கலாம்.