70-ல் 20 போனால் 50 தானே, பட்டியலில் 49 ஏன் இருக்கிறது?

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் எனக்கு 70 சதவீதம், அவருக்கு 30. ஒரு முதலீட்டாளர் 2 கோடி தருகிறார், 20 சதவீதம் கேட்கிறார். என் 70-லிருந்து 20 கொடுத்தால் எனக்கு 50 மிஞ்சும், நண்பரின் 30 அப்படியே இருக்கும் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். முதலீட்டு நிபந்தனைகளை எழுதி அனுப்பிய டெர்ம் ஷீட்டோடு வந்த பங்குப் பட்டியலில் எனக்கு 49, நண்பருக்கு 21 என்று இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா? கையெழுத்துப் போடலாமா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கணக்கிலும் ஒரு தவறு இருக்கிறது, அவர்கள் பட்டியலிலும் நீங்கள் பேரம் பேசாமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் எங்கே நிற்கிறீர்கள் என்று புரியும்.

முதலில் உங்கள் கணக்கு. நீங்கள் யாருக்கும் உங்கள் பங்கை எடுத்துக் கொடுக்கவில்லை. அப்படிக் கொடுத்தால் அது விற்பனை, பணம் உங்கள் கைக்கு வரும், அதற்கான வரியும் உங்கள் தலையில்தான் விழும், கம்பெனிக்கு ஒரு காசு வராது. முதலீடு என்பது வேறு: கம்பெனி புதிதாகப் பங்குகளை வெளியிடுகிறது, முதலீட்டாளர் அவற்றை வாங்குகிறார், பணம் கம்பெனியின் கணக்குக்குப் போகிறது. உங்கள் கையில் இருக்கும் பங்குகளின் எண்ணிக்கை மாறவே மாறாது. மொத்த எண்ணிக்கை கூடுவதால் உங்கள் சதவீதம் குறைகிறது, அவ்வளவுதான். டைல்யூஷன் என்று சொல்வது இதைத்தான். புதிய பங்குகள் வந்தால் இருக்கிற எல்லோரின் சதவீதமும் ஒரே விகிதத்தில் இறங்கும், ஆகவே நண்பரின் 30 மட்டும் அசையாமல் நிற்க வழியே இல்லை. இருவரும் வாய்மொழியாகப் பேசி வைத்திருப்பதை முதலில் உட்கார்ந்து திருத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிறகு இதுவே உங்கள் இருவருக்கும் நடுவில் பெரிய மனத்தாங்கலாக வளரும், நான் பார்த்திருக்கிறேன்.

எளிதாக இருக்க, கம்பெனியில் இப்போது 7,000 பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 4,900, நண்பரிடம் 2,100. முதலீட்டாளர் 2 கோடி போட்டு 20 சதவீதம் எடுக்கிறார் என்றால், பணம் வந்த பிறகு கம்பெனியின் மதிப்பு 10 கோடி, வருவதற்கு முன் 8 கோடி. அந்த 10 கோடியை போஸ்ட்-மணி என்றும் 8 கோடியை ப்ரீ-மணி என்றும் அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பார்கள். 8 கோடியை 7,000 பங்கால் வகுத்தால் ஒரு பங்கு சுமார் 11,428. அந்த விலைக்கு 2 கோடியில் 1,750 புதிய பங்குகள் வரும், மொத்தம் 8,750 ஆகும். உங்கள் 4,900 அதில் 56 சதவீதம், நண்பருடையது 24, முதலீட்டாளருக்கு 20. அதாவது நீங்கள் நினைத்த 50 இல்லை, அதற்கும் மேலே 56 கிடைத்திருக்க வேண்டும். கழிக்கக் கூடாது, பெருக்க வேண்டும்: 70-ல் ஐந்தில் நான்கு பங்கு 56.

சரி, அப்போது 49 எங்கிருந்து வந்தது? உங்கள் 49, நண்பரின் 21, முதலீட்டாளரின் 20 மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 90 தான் வரும். மீதி 10 சதவீதம் பட்டியலின் அடியில் ஆப்ஷன் பூல் என்று ஒரு வரியில் இருக்கும். இனிமேல் வேலைக்கு எடுக்கப்போகிற ஆட்களுக்குக் கொடுப்பதற்கென்று ஒதுக்கி வைக்கும் பங்குகள் அவை. ஒதுக்குவது தவறில்லை, நல்ல ஆட்களைப் பிடிக்க அது தேவைதான். அந்த ஒதுக்கீட்டின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் விஷயம். முதலீட்டுக்குப் பிந்தைய முழு எண்ணிக்கையில் 10 சதவீதம் பூலாக இருக்க வேண்டும், அது ப்ரீ-மணி மதிப்புக்குள் அடங்கும் என்று டெர்ம் ஷீட்டில் ஒரு வாக்கியம் இருக்கும், தேடிப் பாருங்கள். அந்த ஒரு வாக்கியத்தால் பூல் முழுவதும் உங்கள் இருவரின் பங்கிலிருந்தே போகிறது, முதலீட்டாளரின் 20 தொடப்படுவதே இல்லை.

எண்ணாகப் பார்த்தால், மொத்தம் 10,000 பங்குகள், அதில் பழைய 7,000, பூல் 1,000, முதலீட்டாளர் 2,000. 2 கோடிக்கு 2,000 பங்கு என்றால் ஒரு பங்கு 10,000, முன்பு பார்த்த 11,428 இல்லை. இந்த விலையில் உங்கள் இருவரின் 7,000 பங்குக்கு மதிப்பு 7 கோடி. 8 கோடி மதிப்பு என்று பேசி முடித்ததில் 1 கோடி, இன்னும் வேலைக்கே வராத ஆட்களின் பெயரில் போய்விட்டது. டெர்ம் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் மதிப்பை விட ஒரு பங்கின் விலையை முதலில் பாருங்கள் என்று வருகிறவர்களிடம் நான் சொல்வது இதனால்தான். விலை என்பதில் பூல், பழைய கடன் பத்திரங்கள் பங்காக மாறுவது எல்லாமே ஏற்கெனவே கலந்துவிட்டிருக்கும், ஒளிக்க முடியாது.

இதையே வேறு மாதிரி செய்திருந்தால்? முதலீடு வந்த பிறகு பூலை உருவாக்கினால் மூன்று பேரும் சேர்ந்து இறங்குவீர்கள். 8,750 பங்குகளின் மேல் சுமார் 972 சேர்த்தால் உங்களுக்கு 50.4, நண்பருக்கு 21.6, முதலீட்டாளருக்கு 18 சதவீதம். உங்களுக்கு 49-க்கும் 50.4-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை சதவீதம்கூட இல்லை, ஆனால் அது பாதியைத் தாண்டுவதா தாண்டாமல் இருப்பதா என்ற வித்தியாசம். சாதாரணத் தீர்மானங்களுக்குப் பாதிக்கு மேல் ஓட்டு போதும் என்பதுதான் பெரும்பாலான நாடுகளின் கம்பெனிச் சட்டம்.

ஆனால் இங்கே பதறாமல் ஒன்றைக் கவனியுங்கள். பூலில் இருப்பது வெளியிடப்படாத பங்கு, அதற்கு ஓட்டு கிடையாது. ஆகவே முதல் நாள் ஓட்டுள்ள பங்குகள் 9,000 தான், அதில் உங்கள் 4,900 என்பது 54.4 சதவீதம். ஊழியர்கள் ஆப்ஷனை, அதாவது பூலிலிருந்து பங்கு வாங்கும் உரிமையைப் பயன்படுத்திப் பங்கு வாங்க வாங்க இது இறங்கும். 800 பேருக்கு ஒன்று வீதமோ ஒருவருக்கே 800-ஆகவோ, எப்படியானாலும் 800 பங்குகள் வெளியே போன அன்று மொத்தம் 9,800, நீங்கள் சரியாகப் பாதி. அதற்கடுத்த ஒரு பங்கிலிருந்து மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்தால் உங்களைத் தோற்கடிக்கலாம். பட்டியலில் இருக்கும் 49 எல்லா ஆப்ஷனும் பங்காகிவிட்டதாக வைத்துப் போட்ட கணக்கு, இன்றைய ஓட்டுக் கணக்கு வேறு. முதலீட்டாளரிடம் இரண்டு பட்டியலையும் கேட்டு வாங்குங்கள், அதுவும் ஃபார்முலாவோடு இருக்கும் எக்செல் கோப்பாக. படமாகவோ பிடிஎஃப்-ஆகவோ அனுப்பினால் ஏற்காதீர்கள். ஒருமுறை என் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் பூல் கட்டத்தில் 10-ஐ அழித்து 5 என்று தட்டி, தன் சதவீதம் ஏறுவதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசவே இல்லை. அதுவரை அந்த எண் யாரோ விதித்த விதி என்றே நினைத்திருந்தார்.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். 10 என்பது வழக்கம் என்று சொல்வார்கள். வழக்கத்தை விட்டுவிட்டு அடுத்த 12 முதல் 18 மாதங்களில் யார் யாரை எடுக்கப் போகிறீர்கள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கூட்டினால் 5 தான் வருகிறது என்றால் அந்தத் தாளை முன்னால் வைத்து 5 கேளுங்கள், பூல் ப்ரீ-மணிக்குள் இருந்தால்கூட உங்களுக்கு 52.5 நிற்கும். வெறுமனே குறையுங்கள் என்று கேட்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு, முதலீட்டாளர்கள் ஆள் எடுக்கும் திட்டத்தைப் பார்த்தால் இறங்கி வருவார்கள். பெரிய பூல் இன்னொரு வகையிலும் அவர்களுக்கு லாபம்: பூலில் ஒன்றுமே கொடுக்காத நிலையில் கம்பெனி விற்கப்பட்டால் அந்த 1,000 பங்கும் காணாமல் போகும், 20 சதவீதம் என்று வாங்கியவருக்கு 9,000-ல் 2,000, அதாவது 22 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும்.

அப்புறம், அதே டெர்ம் ஷீட்டில் ஆன்டி-டைல்யூஷன் என்ற பத்தியைத் தேடுங்கள். அடுத்த சுற்றில் பங்கு விலை இறங்கினால் முதலீட்டாளரைக் காப்பாற்ற அவருக்குக் கூடுதல் பங்கு கொடுக்கும் ஏற்பாடு அது. இருக்கட்டும், ஆனால் எந்த வகை என்று பாருங்கள். அடுத்த முறை 10,000-க்குப் பதில் 5,000 விலையில் 1 கோடி வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். ‘ஃபுல் ராட்செட்’ என்று இருந்தால் முதலீட்டாளரின் 2,000 பங்குகள் 4,000 ஆகிவிடும், நீங்கள் எவ்வளவு சின்னத் தொகை வாங்கினாலும் இதே கதிதான். ‘பிராட் பேஸ்ட் வெயிட்டட் ஆவரேஜ்’ என்று இருந்தால் எவ்வளவு பங்கு மலிவாகப் போகிறது என்பதையும் கணக்கில் எடுப்பார்கள், அதே உதாரணத்தில் 2,000 என்பது சுமார் 2,181 தான் ஆகும். ஒன்றில் கூடுதல் 2,000, இன்னொன்றில் 181. ராட்செட் இருந்தால் நான் உங்கள் இடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், அதற்காக மதிப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் சரி.

இன்னொன்று, முதலீட்டாளரின் அனுமதி இல்லாமல் நீங்கள் என்னென்ன செய்ய முடியாது என்று ஒரு பட்டியல் பின்பக்கங்களில் இருக்கும். புதிய பங்கு வெளியிடுவது, கடன் வாங்குவது, உங்கள் சம்பளம், எல்லாம் அதில் வரும். 56 சதவீதம் வைத்திருந்தும் அந்தப் பட்டியலால் கை கட்டப்பட்டவர்கள் உண்டு, அதனால் சதவீதத்தில் ஜெயித்துவிட்டோம் என்று அதைப் படிக்காமல் விடாதீர்கள்.

டெர்ம் ஷீட்டில் பெரும்பாலான விதிகள் கட்டுப்படுத்தாதவை. ஆனால் ரகசியம் காப்பதும், குறிப்பிட்ட நாட்களுக்கு வேறு யாரிடமும் முதலீடு பேசக் கூடாது என்பதும் பொதுவாகக் கையெழுத்திட்ட நிமிடத்திலிருந்தே கட்டுப்படுத்தும். இரண்டாவது விழுந்துவிட்டால் உங்களுக்குப் பேரம் பேசும் பலம் போய்விடும், பின்னால் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் பூல் அளவையும் ராட்செட்டையும் இப்போதே முடியுங்கள். இன்று இரவே அந்த எக்செல் கோப்பைக் கேட்டு மெயில் போடுங்கள், நண்பரையும் நகலில் சேர்த்து.