முந்நூற்றறுபது செட்டா, நூற்றிருபதா?

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறேன். லைசென்ஸ் உள்ள ஒரு தயாரிப்பாளரிடம் ஃபேஸ்வாஷ், கிரீம், சீரம், லிப் பாம் வாங்கி, தமிழ்நாட்டுக்குள் மாதம் ஒரு பெட்டியாக 599 ரூபாய்க்கு அனுப்பப் போகிறேன். பொருட்கள் 310, பெட்டி 35, கூரியர் 70 போக 184 நிற்கிறது. 120 பேர் சேர்ந்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்குச் சேர்த்து 360 செட் எடுத்தால் 280க்குத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. சேர்ந்த 120 பேரும் மூன்று மாதமும் இருப்பார்கள் என்று வைத்துத்தான் அந்த 360 வருகிறது. இந்தத் தொழிலில் முதல் பெட்டி கைக்கு வந்ததும் விலகுபவர்கள்தான் அதிகம். ஐந்தில் ஒருவர் போனால் இரண்டாம் மாதம் 96 பேர். அதில் இன்னும் 14 பேர் போனால் மூன்றாம் மாதம் 82. மூன்று மாதமும் சேர்த்து உங்களுக்குத் தேவை 298 பெட்டிதான்.

மாதாமாதம் 310க்கே வாங்கினால் 298 செட்டுக்கு 92,380 ரூபாய். மொத்தமாக எடுத்தால் 1,00,800. விலை குறைந்தும் கையிலிருந்து 8,420 ரூபாய் கூடுதலாகப் போகிறது, 62 செட் வீட்டில் தேங்குகிறது. 326 பெட்டியாவது விற்றால்தான் அவர் சொல்லும் தள்ளுபடி உங்களுக்கு லாபம். தேங்கியதைப் புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் வைட்டமின் சி சீரம் இருக்க இருக்க மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிடும். அதை யாருக்கும் அனுப்ப முடியாது. அவரிடம் வேறு மாதிரி பேசிப் பாருங்கள்: மூன்று மாதமும் உங்களிடம்தான் எடுப்பேன், எண்ணிக்கையை மட்டும் மாதாமாதம் சொல்கிறேன், 295க்குத் தாருங்கள் என்று. காலிப் பெட்டியை மொத்தமாக அடிக்கலாம், அது கெடாது. மாதத்தின் பெயரை மட்டும் அதில் அச்சடிக்காதீர்கள்.

அந்த 184-ஐயும் இன்னொரு முறை பாருங்கள். கூரியரில் எடையோடு பெட்டியின் அளவையும் பார்த்து, எது கூடுதலோ அதற்குத்தான் காசு வாங்குவார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பொதுவான வழக்கம். 25, 20, 10 அளவுப் பெட்டி என்றால் உள்ளே 400 கிராம் சரக்கு இருந்தாலும் ஒரு கிலோ கணக்கு. 22, 16, 7 என்று சுருக்கினால் அரைக் கிலோவுக்குள் நிற்கும். பெட்டி அடிக்கக் கொடுக்கும் முன்பே பாட்டில்களை அடுக்கி டேப் வைத்து அளந்துவிடுங்கள். பணம் வசூலிக்கும் கேட்வே 2 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் எடுத்தால் பெட்டிக்கு 14 ரூபாய் போகும். பின்னால் பெங்களூருக்கு அனுப்ப ஆசைப்பட்டால், வெளி மாநில விற்பனைக்கு விற்றுமுதல் எவ்வளவானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அப்போது 599-க்குள்ளேயே வரியும் அடங்க வேண்டியிருக்கும்.

விலகுபவர்கள் இரண்டு வகை, அவர்களைத் தனித்தனியாக எழுதி வையுங்கள். முதல் வகை, கணக்கில் பணம் இல்லாமல் யுபிஐ ஆட்டோபே தவறியவர்கள். அவர்களுக்குப் பெட்டி பிடிக்காமல் இல்லை. 3-ஆம் தேதி பிடித்தம் வையுங்கள், தவறினால் 5-ஆம் தேதி மறுபடி முயலுங்கள், இடையில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். பிடித்தத்துக்கு முந்தைய நாள் அவர்களுக்கு அறிவிப்பு போகும், அதைப் பார்த்துத்தான் பலருக்கு நிறுத்தலாமா என்ற யோசனையே வரும். ஆகவே அதற்கும் ஒரு நாள் முன்பே இந்த மாதம் உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் படம் அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது வகை, போன மாதக் கிரீம் பாதி டப்பாவில் இருக்கும்போதே அடுத்தது வந்து சேர்ந்தவர்கள். காலையும் இரவும் அரை கிராம் தடவினால் 50 கிராம் டப்பா 50 நாள் வரும். அலமாரியில் மூன்று டப்பா சேர்ந்ததும் நிறுத்திவிடுவார்கள். 30 கிராமாகக் கேளுங்கள். பெரிய டப்பாவை வாங்கி வீட்டில் பிரித்து அடைக்காதீர்கள், மறுபடி அடைப்பதும் சட்டப்படி தயாரிப்புதான், அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். நிறுத்த வருபவரிடம் ‘இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் அனுப்பவா?’ என்று கேளுங்கள். அப்படி ஒரு வழி இருந்தால் பலர் போகமாட்டார்கள்.

5-ஆம் தேதி மாலை பணம் வந்தவர்களை எண்ணி, அதற்கு மேல் உடைசலுக்கு ஐந்து செட் சேர்த்து ஆர்டர் கொடுங்கள். முதல் மாதத்துக்கு 125 போதும். அடுத்த வாரம் திங்களோ செவ்வாயோ பார்சலைப் போடுங்கள். சனிக்கிழமை போட்டால் ஞாயிறு முழுக்கக் குடோனில் கிடக்கும், மதுரை வெயிலில் லிப் பாம் உருகி மூடி வழியாக வழிந்துவிடும். ஏப்ரல், மே பெட்டியில் லிப் பாமுக்குப் பதில் ஜெல் வையுங்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் மாசி வீதிகளுக்கும் ஆற்றோரத் தெருக்களுக்கும் வண்டி போய்ச் சேராது. அந்தப் பகுதி வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்.