ஓடும்போது பற்றரி லைட்: போனது ஒல்டனேற்றரா, பெல்ட்டா?

கேள்வி: அண்ணை, என்னட்ட பழைய டீசல் வான் ஒண்டு நிக்குது, முல்லைத்தீவு – மாங்குளம் ரோட்டிலதான் ஓட்டம். மழை தொடங்கினதில இருந்து ஓடேக்க பற்றரி லைட் பத்துது. பகலில குறைவு, இரவில ஹெட்லைட், வைப்பர், ஃபான் எல்லாம் போட்டால் கட்டாயம் வரும். காலமை ஸ்டார்ட் பண்ணேக்க கீச்செண்டு சத்தம். புதுப் பற்றரி போட்டும் சரிவரேல்லை. மீற்றர் வச்சுப் பாத்தால் ஒண்டும் போடாமல் 14.1 வோல்ட், எல்லாம் போட்டால் 12.4. கராஜில ஒல்டனேற்றர் போட்டுது, மாத்த 40 ஆயிரம் எண்டு சொல்லுகினம். மாத்துறதோ?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, அந்த 40 ஆயிரத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். மழையும் அந்தக் கீச்சுச் சத்தமும் பெல்ட்டைத்தான் காட்டுகின்றன. ஆனால் ஒல்டனேற்றரில் பழுதே இல்லை என்று நான் இங்கிருந்து அடித்துச் சொல்லவும் மாட்டேன், அதை நீங்களே அரை மணித்தியாலத்தில் பிரித்துப் பார்க்கலாம்.

அந்த லைட்டுக்குப் பற்றரிப் படம் போட்டிருப்பதால் எல்லோரும் முதலில் பற்றரியைத்தான் மாற்றுகிறார்கள். அது பற்றரியைப் பற்றிச் சொல்லும் லைட் இல்லை. எஞ்சின் ஓடும்போது ஒல்டனேற்றரில் இருந்து போதிய வோல்ட் வரவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. அதனால் கழற்றிய பழைய பற்றரியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள், சார்ஜ் ஏற்றிச் சோதித்துப் பாருங்கள், நல்லதாகவே இருக்கக்கூடும்.

பெல்ட்டைப் பார்க்கும் விதத்துக்கு முன், ரோட்டில் லைட் பத்தினால் என்ன செய்வது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது காசோடு நிற்கிற விஷயம் இல்லை. உங்களுடையது போன்ற பல பழைய டீசல் வான்களில் ஒரே பெல்ட்தான், அல்லது ஒரே சோடிதான், ஒல்டனேற்றரையும் தண்ணிப் பம்பையும் சுற்றுகிறது. ஒல்டனேற்றரின் முதுகில் காற்றை உறிஞ்சும் வாக்கும் பம்பு ஒன்றும் இருக்கும், பிரேக் மிதிக்கும்போது காலுக்கு உதவுவது அதுதான். ஆகவே பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் போகாது. தண்ணி ஓடாமல் சில கிலோமீற்றருக்குள் எஞ்சின் சூடேறிவிடும், ஒன்றிரண்டு தரம் மிதித்த பிறகு பிரேக்கும் கல்லுப்போல இறுகிவிடும். அதனால் லைட் பத்தி அணையாமல் நின்றால் ஓரமாக நிற்பாட்டி, எஞ்சினை நிறுத்தி, பெல்ட் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லையென்றால் வானை அந்த இடத்தைவிட்டு எடுக்க வேண்டாம். பெல்ட் இருந்து, சூட்டு முள்ளும் பிரேக்கும் சரியாக இருந்தால், பழைய டீசல் எஞ்சினுக்கு ஓடக் கரண்ட் மிகக் கொஞ்சம்தான் வேண்டும், பகலில் மாங்குளம்வரை வந்துவிடலாம். இரவில் அப்படி இல்லை. ஹெட்லைட், வைப்பர், ஃபான் எல்லாம் சேர்ந்து 20 அம்பியர் அளவில் இழுக்கும், 65 அம்பியர் மணிப் பற்றரியில் லைட் மங்காமல் எடுக்கக்கூடியது கிட்டத்தட்டப் பாதிதான், அப்படியென்றால் ஒன்றரை மணித்தியாலம். அதுவும் பற்றரி நிறையச் சார்ஜோடு இருந்தால். காட்டுக்குள்ளே லைட் மங்கி நிற்பதைவிட முதலே ஓர் ஊர்மனையில் நிற்பாட்டுவது நல்லது.

சரி, இப்போது பெல்ட். எஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இரண்டு கப்பிகளுக்கு இடையே பெல்ட் நீளமாகப் போகும் இடத்தின் நடுவில் பெருவிரலால் நன்றாக அழுத்துங்கள். 10 முதல் 15 மில்லிமீற்றர் அளவு தாழ்ந்தால் சரி, ஒரு விரல் தடிப்பைத் தாண்டிப் போனால் தளர்வு. இதைவிட எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது: ஒல்டனேற்றர் கப்பியின் நட்டில் ஸ்பனரைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். பெல்ட் இறுக்கமாக இருந்தால் கப்பி அசையாமல் நிற்கும், அல்லது பெல்ட்டையும் இழுத்துக்கொண்டுதான் திரும்பும். பெல்ட் நிற்க, கப்பி மட்டும் வழுக்கிச் சுற்றினால் உங்கள் பழுது கையிலேயே வந்துவிட்டது.

தளர்வில்லாத பெல்ட்டும் வழுக்கும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வி வடிவப் பெல்ட் தன் இரண்டு பக்கவாட்டால்தான் கப்பியைப் பிடிக்கிறது. நம் கிறவல் ரோட்டுப் புழுதி அந்தப் பக்கங்களை வருடக்கணக்கில் அரைத்து, கண்ணாடிபோல் மினுங்க வைத்துவிடும். பெல்ட் தேயத் தேயக் கப்பியின் பள்ளத்துக்குள் கீழே இறங்கும், கடைசியில் அடிப்பக்கம் பள்ளத்தின் தரையில் முட்டும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பக்கங்கள் பிடிக்காது. பெல்ட்டின் மேல்பக்கம் கப்பியின் விளிம்போடு ஏறக்குறையச் சமமாக நிற்க வேண்டும், நன்றாகத் தாழ்ந்து கிடந்தாலோ பள்ளத்தின் அடி வெள்ளியாக மினுங்கினாலோ மாற்றுவதுதான் வழி. காய்ந்த பகலில் எப்படியோ பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்து, மூன்று சாமானும் ஒன்றாகக் கரண்ட் கேட்கும்போது வழுக்குவது இந்த வகைப் பெல்ட்தான்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். ஒன்றும் போடாமல் 14.1 என்பது நல்ல எண், 13.8 முதல் 14.5 வரை வந்தால் போதும். எல்லாம் போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணிப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போதும் 13.3க்கு மேல் நிற்க வேண்டும். உங்களுக்கு 12.4 என்றால் அந்த நேரம் முழுப் பாரத்தையும் பற்றரிதான் சுமக்கிறது. கராஜில் இந்த 12.4ஐப் பார்த்துத்தான் ஒல்டனேற்றர் என்று சொல்லியிருப்பார்கள், அதில் நியாயமும் உண்டு, ஏனென்றால் உள்ளே ஒரு டயோட் போனாலும், காபன் பிரஷ் தேய்ந்தாலும் இதே மாதிரித்தான் பாரமில்லாமல் நல்ல எண்ணும் பாரத்தோடு கெட்ட எண்ணும் காட்டும். மீற்றருக்கு வழுக்குவதும் பழுதும் ஒன்றுதான். ஆகவே பெல்ட்டைச் சரியாக இறுக்கி, அல்லது மாற்றி, அதே சோதனையை அதே சாமான்களைப் போட்டு மறுபடி செய்யுங்கள். 12.4 ஏறி 13.5, 13.8 என்று வந்தால் கதை முடிந்தது, பெல்ட்டுக்குக் கொடுத்த காசோடு போகிறது. பெல்ட் நன்றாக இறுகியும், சத்தம் நின்றும், எண் அங்கேயே நின்றால்தான் ஒல்டனேற்றரைச் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் ஒல்டனேற்றரில் தடித்த வயர் பூட்டும் முனையிலும் பற்றரியின் பிளஸ் முனையிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். முன்னதில் 14உம் பின்னதில் 13உம் என்றால் நடுவில் உள்ள வயரோ பச்சை பிடித்த முனையோதான் கள்ளன்.

ஒல்டனேற்றர் உண்மையிலேயே போகும்போது குணம் வேறு மாதிரி இருக்கும். லைட் முழுச் சிவப்பாகப் பத்தாமல் மங்கலாக ஒளிர்ந்துகொண்டே நிற்பது பெரும்பாலும் டயோட்டோ இணைப்போ. எல்லாம் நிறுத்திவிட்டுப் போய் விடிய வந்து பார்த்தால் பற்றரி இறங்கியிருப்பதும் டயோட்டாக இருக்கலாம். கிடங்கில் விழுந்தால் லைட் வருவதும் போவதும், ஒல்டனேற்றரின் உடம்பில் மெதுவாகத் தட்டினால் அணைவதும் காபன் பிரஷ்ஷின் குணம். கீச்சென்று இல்லாமல் அரைக்கிற மாதிரி ஓயாமல் ஒரு சத்தம் வந்தால் பியரிங். ரேஸ் பண்ணினால் லைட் அணைவது பெரும்பாலும் சோர்ந்த ஒல்டனேற்றர், ரேஸ் பண்ணும்போது கீச்சிட்டு லைட் கூடுவது வழுக்கும் பெல்ட். ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையைக் கழற்றிப் பார்க்கும் பழைய சோதனை. நல்ல ரெகுலேட்டரும் டயோட்டும் அதிலேயே எரிந்து போகக்கூடும், பிறகு 40 ஆயிரம் உண்மையாகவே தேவைப்படும்.

இன்னொன்று, இது என் சொந்த அனுபவம். என் வானுக்கு ஒரு வருடத்தில் இரண்டு தரம் பெல்ட் மாற்றினேன், இரண்டு மாதத்தில் திரும்பவும் கீச்சு. மூன்றாம் தரம்தான் ஒருவர் ஒல்டனேற்றருக்குக் கீழே கையைவிட்டுத் துடைத்து, விரலில் ஒட்டிய எண்ணெயைக் காட்டினார். வாக்கும் பம்புக்கு எஞ்சின் ஒயில்தான் போகிறது, அந்தக் குழாயின் வாஷர் கசிந்து பெல்ட்டில் தெறித்திருக்கிறது. எண்ணெய் பட்ட பெல்ட்டைத் துடைத்துப் பயனில்லை, கசிவை நிறுத்தி, கப்பிகளைச் சோப்புத் தண்ணியால் கழுவிக் காயவிட்டுப் புதியதைப் போட வேண்டும். வழுக்காமல் இருக்கப் பூசும் மருந்தென்று விற்பதையும் நான் வாங்க மாட்டேன், சத்தம் கொஞ்ச நாள் நிற்கும், புழுதியைப் பிடித்துவிட்டுத் திரும்ப வரும்.

பெல்ட் வாங்கும்போது பழையதின் முதுகில் உள்ள இலக்கத்தைப் பார்த்து, அழிந்திருந்தால் பெல்ட்டையே கடைக்குக் கொண்டு போங்கள். சோடியாக ஓடும் பெல்ட் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் சேர்ந்தால் புதியதுதான் முழுப் பாரத்தையும் இழுக்கும். போட்டுக் கால் மணித்தியாலம் ஓடவிட்டு மறுபடி இறுக்குங்கள், புதுப் பெல்ட் கொஞ்சம் இளகும், சில நூறு கிலோமீற்றர் ஓடியபிறகு இன்னொரு தரம் பாருங்கள். சத்தம் நிற்கட்டும் என்று கம்பியால் நெம்பி அளவுக்கு மீறி இறுக்கினால் ஒல்டனேற்றரின் பியரிங்கும் தண்ணிப் பம்பின் பியரிங்கும் சாகும்.

எல்லாம் பார்த்தும் ஒல்டனேற்றர்தான் என்று வந்தால், முழுதாக மாற்ற முன் கழற்றித் திறந்து காட்டச் சொல்லுங்கள். காபன் பிரஷ்ஷோ ரெகுலேட்டரோ மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றலாம், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒல்டனேற்றர் திருத்துகிறவர்களிடம் கொண்டு போனால் முழுச் சாமானின் விலையில் சிறு பங்குதான் வரும். பாவித்த ஒல்டனேற்றர் வாங்குவதென்றால் உங்களுடையதைப் பக்கத்தில் வைத்துக் கப்பியின் பள்ளங்கள், லேபிளில் உள்ள வோல்ட், அம்பியர், பின்னால் உள்ள வாக்கும் பம்பு எல்லாம் ஒன்றா என்று பார்த்து, கையால் சுற்றி அரைப்புச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்து, எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வானில் பூட்டி, ஹெட்லைட்டும் வைப்பரும் ஃபானும் போட்டு, அதே 13.3ஐக் கண்ணால் பார்த்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.