நினைவுகூர்தலும் ஓர்மையும்

அன்புள்ள ஐயா,

தக்கலை அருகே பாட்டி வீட்டில் கழித்த கோடை விடுமுறைகளைப் பற்றி என் தன்வரலாற்றில் ஓர் அத்தியாயம் எழுதுகிறேன். நினைவு, ஞாபகம், நினைவுகூர்தல், அசைபோடுதல் எல்லாம் மாறிமாறி வந்துவிடுகின்றன. பதநீரை எங்கள் பக்கம் அக்கானி என்போம். ‘பாட்டி அக்கானி காய்ச்சியதை நினைவுகூர்கிறேன்’ என்ற வரியைப் படித்த தம்பி, இரங்கல் கூட்டம் போல இருக்கிறது என்கிறான். எதை எங்கே எழுதுவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தம்பியின் காது சரியானது. நினைவுகூர்தல் ஒருவர் முனைந்து செய்யும் செயல். அன்புகூர்தலில் உள்ள அதே ‘கூர்’தான், மிகுதல் என்று பொருள். அதனால்தான் அச்சொல் மேடைக்கும் நினைவுநாளுக்கும் பொருந்துகிறது. ஞாபகம் அப்படியல்ல. ‘எனக்கு ஞாபகம் வந்தது’ என்கிறோம்; அங்கே நீங்கள் எதையும் செய்யவில்லை, அது உங்களிடம் வருகிறது. புகை மணத்தில் சட்டென்று பாட்டியின் அடுப்படி எழுந்தால் அதற்கு இந்த அமைப்புதான் வேண்டும். அசைபோடுவது இவை இரண்டும் இல்லை. ஏற்கெனவே வந்துவிட்ட நினைவை நிதானமாகத் திரும்பத் திரும்பச் சுவைப்பது அது. வயதான பாட்டி திண்ணையில் இருந்து பழங்கதை பேசும் இடத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் வரிக்கு இந்தச் சொற்களில் எதுவுமே தேவையில்லை என்பேன். ‘பாட்டி அக்கானி காய்ச்சுவாள்’ என்று எழுதிப் பாருங்கள். வடிவத்தில் எதிர்காலம்; பொருளில் கோடைதோறும் நடந்த வழக்கம். ‘சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய அக்கானியை அரித்து ஊற்றுவாள். நுரை பொங்கும்போது துழாவுவாள். பாகு பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவாள். சிரட்டைகளில் ஊற்றி ஆறவைப்பாள்.’ இப்படிப் போய்க்கொண்டே இருக்கும்போது, ‘அன்று கலயத்தில் சுண்ணாம்பு போதவில்லை, அக்கானி புளித்துவிட்டது’ என்று இறந்தகாலத்துக்கு மாறினால், பல கோடைகளிலிருந்து ஒரு நாள் தனியே பிரிந்து நிற்கும். அத்தியாயத்தில் ‘ஞாபகம் இருக்கிறது’ வரும் வரிகளையெல்லாம் அடிக்கோடிடுங்கள். அதை எடுத்துவிட்டும் பொருள் குறையாவிட்டால் எடுத்துவிடுங்கள். நீங்களே ஐயப்படும் இடத்தில் மட்டும் விட்டுவையுங்கள்: ‘அந்த வருடம் இடவப்பாதி முந்திப் பெய்தது என்றுதான் எனக்கு ஞாபகம்.’ வளர்ந்தபின் அம்மா சொல்லிக் கேட்டது என்றால் ‘அம்மா சொல்வாள்’ என்றே எழுதுங்கள். கேட்டதைக் கண்டதாக எழுதுவதுதான் தன்வரலாற்றில் எனக்குப் பொறுக்காத குறை.

உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லைக் காணோம்: ஓர்மை. நம் குமரி மாவட்டத்தில் ஞாபகத்துக்கு வீட்டில் புழங்கும் சொல் அதுதானே? மலையாளத்திலும் அதே சொல் உண்டு என்று தயங்கவேண்டாம். ஓர்தல், எண்ணிப் பார்த்தல் என்ற பொருளில் பழந்தமிழில் இருப்பதே. பாட்டியின் வாயில் ‘ஞாபகம்’ வைத்தால் அவள் பள்ளி ஆசிரியை ஆகிவிடுவாள். ‘சுண்ணாம்பு தேய்க்க ஓர்மையில்லாமல் போயிற்று’ என்று அவள் சொல்லட்டும். அடிக்குறிப்பு போடாதீர்கள், புளித்த கலயம் பக்கத்தில் இருக்கும்போது மதுரை வாசகருக்கும் விளங்கும்.