நடுவில் போட்ட கோடு

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். பறிப்பு தொடங்கியதிலிருந்து மேஸ்திரிக்கும், பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் ஹவுஸின் பொறுப்பாளருக்கும் ஓயாத தகராறு. பச்சைக்காய் கலந்து வருகிறது என்று பொறுப்பாளர் மூட்டையைத் திருப்புகிறார். ஆட்களின் கூலிக்கு யார் பதில் சொல்வது என்று மேஸ்திரி சத்தம் போடுகிறார். நூறு கிலோவில் பத்து கிலோ வரை காய் இருக்கலாம் என்று நடுவில் ஒரு கணக்குச் சொன்னேன். இப்போது இருவருமே என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சமரசம்தானே நல்லது என்று பயிற்சியில் சொன்னார்கள்?

க., ஏற்காடு

அன்புள்ள க.,

பங்கு போடக்கூடிய பொருளுக்குச் சமரசம் நல்ல வழிதான். வண்டியையும் தண்ணீரையும் ஆட்களின் நேரத்தையும் பங்கு போடலாம். காப்பியின் தரத்தை அப்படிப் பங்கு போட முடியாது. பழுத்த பழத்தைப் பல்ப்பரில் போட்டால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். பச்சைக்காயோ தோலோடு வெளியே வரும், அல்லது உள்ளே கொட்டை நசுங்கும். முற்றாத கொட்டையின் துவர்ப்பு கோப்பை வரைக்கும் போகும். ஆகவே உங்கள் பத்து கிலோ, பொறுப்பாளருக்குக் கெட்ட காப்பியையும் மேஸ்திரிக்குக் குறைந்த கூலியையும் ஒரே நாளில் கொடுத்தது. இருவரின் கோபமும் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

அந்தப் பயிற்சியின் அடிப்படை, அனேகமாக, தகராறை ஒருவர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்க்க 1974-இல் கென்னத் தாமஸும் ரால்ஃப் கில்மனும் வகுத்த வினாத்தாளாக இருக்கும். தன் தேவையில் ஒருவர் எவ்வளவு உறுதியாக நிற்கிறார், எதிரில் இருப்பவரின் தேவைக்கு எவ்வளவு இடம் தருகிறார் என்ற இரண்டு அளவுகளை வைத்து, பிடித்து நிற்பது, ஒதுங்குவது, விட்டுக்கொடுப்பது, சமரசம், கூடித் தீர்ப்பது என ஐந்து வழிகளை அவர்கள் பிரித்தார்கள். இவற்றில் எப்போதும் சிறந்தது என்று எதையும் அவர்கள் சொல்லவில்லை. அந்த வினாத்தாளின் 30 இணை வாக்கியங்கள் காட்டுவது நம் பழக்கத்தைத்தான். உங்கள் பழக்கம் சமரசம் என்று தோன்றுகிறது.

உங்கள் எஸ்டேட்டின் ஒரே மாலைப் பொழுதில் இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் வேலை இருக்கிறது. ஐந்தரை மணிக்கு டிராக்டரில் பழம் வந்து இறங்கும்போது, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னால், அங்கே பேச்சுக்கே இடமில்லை. மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்து, புளித்த வாடையும் அடித்தால் பழம் நொதிக்கத் தொடங்கிவிட்டது. அன்றே தோலுரித்தாக வேண்டும் என்று பிடித்து நின்று உத்தரவிடுவதுதான் அங்கே சரி. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், எடையைச் சீக்கிரம் முடியுங்கள் என்று பறிக்கும் பெண்கள் கேட்டால் விட்டுக்கொடுங்கள்; உங்களுக்கு அது கால் மணி நேரம், அவர்களுக்கோ இருட்டில் மலைப்பாதையில் நடை. தராசடியில் எல்லார் முன்னாலும் இருவரும் கத்திக்கொள்ளும்போது ஒதுங்குங்கள். ஆனால், காலை ஏழு மணிக்கு ஆபீசில் பேசுவோம் என்று நேரம் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். நேரம் சொல்லாமல் ஒதுங்கினால் மறுநாள் அதே சண்டை அதே தராசடிக்கு வரும்.

பச்சைக்காய் விஷயத்துக்குத்தான் கூடித் தீர்க்கும் வழி வேண்டும். அந்தக் காலைப் பேச்சில் காயின் அளவை எடுக்காதீர்கள். மூட்டை திரும்பினால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று மேஸ்திரியிடமும், காய் கலந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று பொறுப்பாளரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கூலி கிலோக் கணக்கில் என்றால் காயும் எடைதான். கிளையை உருவிப் பறிப்பவருக்குத்தான் கூடுதல் காசு. கூலிக் கணக்கு உண்டாக்கிய தகராறு இது. இருவரின் குணத்தில் குற்றமில்லை. எடை போடுமுன் தார்ப்பாயில் கொட்டி, அரை மணி நேரம் காயைத் தனியே பொறுக்கியெடுக்கச் சொல்லலாம். பழத்துக்குக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல் கூலி, காய்க்குத் தனி எடையில் பழைய கூலி என்று வைக்கலாம். காயைப் பல்ப்பருக்கு அனுப்பாமல் தனியாகக் களத்தில் தோலோடு காயவைத்துச் செர்ரி என்ற பெயரில் விற்கலாம். மேஸ்திரியின் ஆட்களுக்குக் கூலி குறையாது, பொறுப்பாளரின் தொட்டியில் காய் விழாது.

இதற்குச் செலவு உண்டு. இருபது பேர் அரை மணி நேரம் பொறுக்கினால் பத்து மணி நேரக் கூலி. அதற்கு முதலாளி சம்மதிக்க வேண்டும். அவர் மறுத்தால் கூடித் தீர்க்க உங்கள் கையில் ஒன்றுமில்லை. அப்போது பொறுப்பாளர் பக்கம் நின்று, திருப்பும் மூட்டைக்கு ஓர் எழுத்துக் கணக்கு வையுங்கள். ஒரு மாதக் கணக்கோடு முதலாளியிடம் மறுபடி போகலாம். பருவத்தின் கடைசிப் பறிப்பில், செடியில் மிஞ்சியதையெல்லாம் உருவும்போது, காய் எப்படியும் வரும். அந்தச் சுற்றில் பொறுக்கிய பழம் கொஞ்சமாக இருந்தால், மொத்தத்தையும் செர்ரியாகக் காயவைத்துவிடுங்கள், பல்ப்பர் ஹவுஸ் வரை போகவே வேண்டாம்.