பிரெஞ்சு மதிப்பெண் பட்டியலின் புகைப்படத்திலிருந்து ஆங்கில மொழிபெயர்ப்பு: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

கேள்வி: பிரான்சில் படித்த இளநிலைப் பட்டத்தின் மதிப்பெண் பட்டியலைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். வேறொரு நாட்டில் முதுநிலைச் சேர்க்கைக்காக அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். 20க்கு 13 என்பதை 65 சதவீதம் என்று போடலாமா? கிரெடிட்டையும் பாடத் தலைப்புகளையும் எப்படி எழுதுவது?

பதில்:

போட வேண்டாம். 20க்கு 13 என்பது மொழிபெயர்ப்பிலும் 20க்கு 13 ஆகவே நிற்க வேண்டும். பிரெஞ்சுக் கல்வி ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது என் தொழில். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், படிப்பவருக்கு வசதியாக இருக்கட்டுமே என்று நானே ஒரு பட்டியலின் ஓரத்தில் சதவீதத்துக்கென ஒரு பத்தியைச் சேர்த்துக் கொடுத்தேன். மூலத்தில் இல்லாத பத்தி மொழிபெயர்ப்புக்குள் எப்படி வந்தது என்று கேட்டுச் சேர்க்கை அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. அந்த மாணவருக்கு இரண்டு வாரம் வீணாயிற்று. மதிப்பெண்ணை இன்னொரு அளவுகோலுக்கு மாற்றுவது, விண்ணப்பத்தைப் பெறும் பல்கலைக்கழகமோ அது ஏற்றுக்கொண்டிருக்கும் சான்று மதிப்பீட்டு நிறுவனமோ செய்ய வேண்டிய வேலை. அவர்களிடம் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி அட்டவணை உண்டு.

அந்த அட்டவணை ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு உங்கள் 13ஏ நல்ல உதாரணம். பிரெஞ்சு முறையில் 10 எடுத்தால் தேர்ச்சி. பொதுவான வழக்கில் 12க்கு மேல் 'அஸே பியேன்', 14க்கு மேல் 'பியேன்', 16க்கு மேல் 'த்ரே பியேன்' என்று தரம் குறிக்கப்படுகிறது. 18, 19 போன்ற எண்கள் அங்கே அபூர்வம். ஆகவே 13 என்பது கௌரவமான மதிப்பெண். அதை 65 சதவீதம் ஆக்கி, 90க்கு மேல் எடுப்பது சாதாரணமாக இருக்கும் ஒரு கல்வி முறையில் பழகியவரின் மேசையில் வைத்தால், அவர் கண்ணுக்கு நீங்கள் தட்டுத்தடுமாறித் தேறியவராகத் தெரிவீர்கள். தரச் சொற்களையும் அமெரிக்க எழுத்துத் தரங்களாக மாற்றக் கூடாது. பிரெஞ்சுச் சொல்லை அப்படியே எழுதிவிட்டு, அதன் நேர்ப் பொருளைப் பக்கத்தில் தந்தால் போதும்.

எண்களில் நான் மாற்றுவது ஒன்றே ஒன்றுதான்: தசமக் குறி. பிரெஞ்சில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுவார்கள். மூன்று தசம இடம் வரை அச்சிடும் பட்டியலில் 10,611 என்று இருப்பதை அப்படியே விட்டால், ஆங்கிலத்தில் படிப்பவர் அதைப் பத்தாயிரத்துச் சொச்சமாக வாசிக்க இடமுண்டு. எல்லா இடத்திலும் புள்ளியாக மாற்றி, அப்படி மாற்றியிருப்பதை மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் ஒரு வரியில் சொல்லிவிடுவேன்.

இனிப் புகைப்படத்துக்கு வருவோம்; பிழைகளில் பெரும்பாலானவை மொழியில் அல்ல, இங்கேதான் பிறக்கின்றன. பக்கத்தின் நான்கு மூலைகளும் தெரிய, தாளைத் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பின்புறத்தையும் கட்டாயம் எடுங்கள், ஏனென்றால் சுருக்கக் குறியீடுகளின் விளக்கம் பல பட்டியல்களில் அங்கேதான் அச்சாகியிருக்கும். ஸ்கேன் செயலிகள் பின்னணியை வெளுப்பாக்கும்போது வெளிறிய முத்திரையையும் சேர்த்து அழித்துவிடுவது உண்டு. ஆகவே செயலி திருத்தாத மூலப் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். மெசேஜ் செயலி வழியாக அனுப்பினால் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது படத்தைச் சுருக்கிவிடும். சுருங்கிய படத்தில் 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாது.

எழுத்துணரி மென்பொருள் வழியாகப் படத்தை எழுத்தாக்கினால் இன்னொரு ஆபத்து உண்டு. ஒரு பாடத்தின் பெயர் நீளமாகி இரண்டு வரிக்கு ஓடியிருந்தால், மென்பொருள் அதை இரண்டு பாடங்களாக எண்ணிக்கொள்ளும். அதற்குக் கீழே உள்ள மதிப்பெண்கள் எல்லாம் ஒரு வரி நகர்ந்துவிடும். ஒவ்வொரு எண்ணும் சரியாகவே இருக்கும், ஆனால் தவறான பாடத்துக்கு நேராக நிற்கும். இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதைவிடக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது எளிது.

அந்தக் கணக்கை ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். ஒரு கணித அலகு, அதற்குள் மூன்று பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணகம், அதாவது சராசரியில் அதற்குள்ள எடை. பகுப்பாய்வுக்குக் குணகம் 3, மதிப்பெண் 8.5. இயற்கணிதத்துக்குக் குணகம் 4, மதிப்பெண் 11. நிகழ்தகவுக்குக் குணகம் 2, மதிப்பெண் 13ஆ 18ஆ என்று தெரியவில்லை. தாளின் மடிப்பு அந்த எண்ணின் மேலேயே விழுந்திருக்கிறது. அலகின் சராசரி 10.61 என்று தெளிவாகத் தெரிகிறது. இரண்டையும் போட்டுப் பார்ப்போம்:

```
(8.5×3 + 11×4 + 13×2) / 9 = 95.5 / 9  = 10.61
(8.5×3 + 11×4 + 18×2) / 9 = 105.5 / 9 = 11.72
```

ஆகவே அது 13. ஆனாலும் கணக்கில் கண்டுபிடித்த எண்ணை, கண்ணால் படித்த எண்ணைப் போலச் சத்தமில்லாமல் எழுதிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. கணக்கு எதற்கென்றால், எந்தக் கட்டத்தை மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொல்வது என்று தெரிந்துகொள்வதற்கும், பிறகு வந்த எண் சரிதானா என்று பார்ப்பதற்கும்தான். தெளிவான படம் கிடைக்கவே வழியில்லை என்றால், அந்த இடத்தில் படிக்க இயலவில்லை என்று சதுர அடைப்புக்குள் எழுதி, சராசரியிலிருந்து 13 என்று தெரிவதாகக் குறிப்பில் சொல்லலாம்.

இதே உதாரணத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பகுப்பாய்வில் 8.5 என்பது 10க்குக் கீழே. ஆனால் அலகின் சராசரி 10ஐத் தாண்டிவிட்டதால் அலகு முழுவதும் தேர்ச்சி என்று அச்சாகியிருக்கும். இதை ஈடுசெய்தல் என்பார்கள். ஒரு பாடத்தில் குறைந்ததை இன்னொரு பாடம் தூக்கிவிடுகிறது. இது தெரியாத மொழிபெயர்ப்பாளர், அச்சுப் பிழை என்று நினைத்து அந்த வரியில் தோல்வி என்று எழுதிய ஆவணம் ஒன்றைத் திருத்தும் வேலை என்னிடம் வந்ததுண்டு. மூலத்தில் தோல்வி என்ற சொல் இல்லாத வரியில் நீங்களும் அதை எழுதாதீர்கள். தேர்ச்சி என்று இருந்தால், மதிப்பெண் எதுவாக இருந்தாலும் தேர்ச்சியே.

கிரெடிட்டில் மக்கள் அதிகம் சறுக்குவது குணகத்தையும் கிரெடிட்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதில்தான். குணகம் என்பது சராசரி போடும்போது ஒரு பாடத்துக்குத் தரும் எடை. கிரெடிட் என்பது உழைப்பின் அளவு. தேறினால் முழுதாகக் கிடைக்கும், தேறாவிட்டால் கிடைக்காது, மதிப்பெண் கூடினாலும் அது கூடாது. மேலே சொன்ன அலகில் குணகங்களின் கூட்டல் 9; ஆனால் அந்த அலகுக்கு 6 கிரெடிட்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குணகப் பத்தியின் தலைப்பைக் கிரெடிட் என்று மொழிபெயர்த்தால், செமஸ்டரின் கூட்டுத்தொகை 30க்குப் பதில் 33 ஆகிவிடும். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு முழு ஆண்டு 60, ஒரு செமஸ்டர் 30. கூட்டிப் பார்த்து 30 வரவில்லை என்றால், முதலில் நீங்கள் எழுதிய பத்தித் தலைப்பைச் சந்தேகியுங்கள்.

இந்தக் கிரெடிட்டையும் மாற்ற வேண்டாம். அமெரிக்காவில் முழுநேர ஆண்டு ஏறத்தாழ 30 செமஸ்டர் கிரெடிட் என்பதால் பாதியாக்குவார்கள். பிரிட்டனில் ஆண்டுக்கு 120 என்பதால் இரட்டிப்பாக்குவார்கள். பாதியாக்கி எழுதிய எண்ணைப் பெறுபவர் மறுபடி பாதியாக்கினால், உங்கள் மூன்று ஆண்டுப் படிப்பு ஒன்றரை ஆண்டாகச் சுருங்கிவிடும். எண்ணை மூலத்தில் உள்ளபடி எழுதி, அது ஐரோப்பிய முறை என்று பத்தித் தலைப்பில் சொல்லிவிடுங்கள்.

பாடத் தலைப்புகளுக்குத்தான் அகராதியைத் தாண்டிய அறிவு வேண்டும். பிரெஞ்சில் 'நியுமெரிக்' என்ற ஒரே சொல், 'அனலீஸ் நியுமெரிக்' என்னும் பாடத்தில் எண்ணியல் பகுப்பாய்வைக் குறிக்கும். 'எலெக்த்ரோனிக் நியுமெரிக்' என்னும் பாடத்தில் டிஜிட்டல் மின்னணுவியலைக் குறிக்கும். முதலாவதை டிஜிட்டல் அனாலிசிஸ் என்று மொழிபெயர்த்தால், அப்படி ஒரு பாடமே இல்லை என்று தேர்வுக் குழுவில் இருக்கும் கணிதப் பேராசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். 'ஸ்தாஜ்' என்பது ஆங்கிலத்தின் ஸ்டேஜ் போலவே எழுதப்பட்டாலும் மேடை அல்ல, களப் பயிற்சி. 'அனலீஸ் 3' என்றிருந்தால் அனாலிசிஸ் 3 என்றே எழுதுங்கள். கால்குலஸ் என்று எழுதினால் படிப்பவருக்குப் பழக்கமான பெயராக இருக்கும்தான், ஆனால் நிரூபணங்கள் நிறைந்த ஒரு பாடம் தொடக்கநிலைப் பாடமாக இறங்கிவிடும். தலைப்பு தெளிவில்லை என்றால், நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டக் கையேட்டில் அந்தப் பாடத்தின் விவரத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். பட்டத்தின் பெயரைத் தொடவே வேண்டாம்: 'லிசான்ஸ்' என்று வைத்துவிட்டு, மூன்று ஆண்டுப் பட்டம் என்று குறிப்பில் விளக்குங்கள்.

பட்டியலில் தேர்வு முடிவைக் காட்டும் பத்தியில் வரும் சொற்களில் இரண்டு முக்கியமானவை. 'அழூர்னே' என்பதன் நேர்ப் பொருள் ஒத்திவைக்கப்பட்டவர். அங்கே அதன் பொருள், இந்தத் தேர்வில் தேறவில்லை என்பது. 'தெஃபாய்யான்' என்பது, ஏதோ ஒரு தேர்வை எழுதாததால் சராசரியே கணக்கிடப்படாத நிலை. இரண்டையும் தோல்வி என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்தால், தேர்வு எழுதித் தேறாதவருக்கும் எழுதவே வராதவருக்கும் உள்ள வேறுபாடு போய்விடும். தேறாமல் போய், பிறகு நடக்கும் இரண்டாவது தேர்வில் தேறியிருந்தால், அந்த வரியையும் விடாமல் சேருங்கள்.

இவ்வளவையும் தொடங்குவதற்கு முன் உங்கள் பழைய பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பட்டத்துக்கான இணைப்பு ஆவணம் ஆங்கிலத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். பாடங்கள், கிரெடிட்டுகள், மதிப்பெண் முறை எல்லாம் அதிகாரபூர்வமாக விளக்கப்பட்ட ஆவணம் அது. கிடைத்தால் மொழிபெயர்ப்பாளரின் வேலை பாதி குறையும். கிடைக்கவில்லை என்றால், சொந்த ஆவணத்தைத் தானே மொழிபெயர்த்துத் தானே சான்றளிப்பதைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை என்பதால், நீங்கள் தயாரித்த வரைவை ஒரு தொழில்முறை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்ற உறுதிமொழி, பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம் ஆகியவற்றுடன் அவர் தருவார். அத்துடன் மூலப் படத்தின் அச்சுப் பிரதியையும், பின்புறம் உட்பட, சேர்த்தே அனுப்புங்கள்.